பதினெட்டு எம்பி

சேதராப்பட்டு கம்பெனியில் சூப்பர்வைசர் விமல்ராஜ், ஸ்டோர் கிளார்க் கலையரசியைக் கன்னத்தில் அறைந்தான். ஸ்டோர் கேமராவைக் கவனித்துக்கொண்டிருந்தவர் அது பதிவான வீடியோவை அவளுக்கு மெயிலில் அனுப்பிவிட்டு, மறுவாரமே வேலையை விட்டுப் போய்விட்டார்.

"மெயில்பாக்ஸ் ரொம்பிடுச்சும்மா. அந்த மெயிலை பிடிஎப்பா சேவ் பண்ணிட்டு அழிச்சிடு. பத்திரமா இருக்கும்" என்றார், அவள் புகார் கொடுத்திருந்த எச்.ஆர். தணிகாசலம். எவ்வளவு கரிசனம்!

அவளும் சேவ் செய்தாள். பிடிஎப்பின் கடைசியில் 'இணைப்பு: ஸ்டோர்கேமரா.mp4, 18 எம்பி' என்று இருந்தது. வீடியோ அதற்குள்ளேயே இருப்பதாக நம்பி மெயிலை அழித்தாள்.

நாற்பது நாள் கழித்துத்தான் விசாரணை வைத்தார்கள். அதற்குள் மெயிலின் குப்பைத்தொட்டியும் தானே காலியாகிவிட்டது, கேமராவும் பழைய பதிவின் மேலேயே புதியதைப் பதிந்துவிட்டது. பிடிஎப்பில் அந்த வரியை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். எதுவும் திறக்கவில்லை. வெறும் பெயரும் அளவும்தான் இருந்தன.

விமல்ராஜ் சிரித்தான். தணிகாசலம் அந்தப் பிடிஎப்பை பிரிண்ட் எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"வீடியோ இதுல இருக்குன்னு நீதான சொல்ற? எங்க, இந்த பேப்பரை ஓட்டிக் காட்டு பாப்போம்."