ரோட்டுக் காசு

சாலையை அகலப்படுத்துகிறோம் என்று பாகூர்ப் பக்கம் நிலம் எடுத்தார்களே, அதில் கலைவேந்தனுக்கு ஒரு துண்டு போயிற்று. துண்டு என்றால் பெரிய நிலம் ஒன்றுமில்லை. கரும்புக் கொல்லையின் ஓரத்தில் வேலிக்காத்தான் முளைத்துக் கிடந்த இடம். அவன் அப்பா காலத்திலிருந்து அங்கே ஒரு பிடி கீரைகூட விளைந்ததில்லை. அதற்குப் போய் ஒரு லட்சத்து அறுபதாயிரம் நஷ்டஈடு வங்கிக் கணக்கில் வந்து விழுந்தால் மனுஷனுக்கு என்ன ஆகும்? அவனும் அவன் பெண்டாட்டி அருள்மொழியும் அன்றைக்கே அதற்குப் பேர் வைத்துவிட்டார்கள். ரோட்டுக் காசு.

பேர் வைத்ததில்தான் வினையே ஆரம்பித்தது. கரும்புக் காசு என்றால் உரக்கடைக்கும் வெட்டுக்கூலிக்கும். பால் காசு என்றால் அருள்மொழியுடையது, அதில் யாரும் கை வைக்கக் கூடாது. சீட்டுக் காசு என்றால் கொல்லைச் செலவுக்கு. ரோட்டுக் காசுக்கு மட்டும் வேலை எதுவும் இல்லை. கூப்பிடாமல் வந்த விருந்தாளி மாதிரி அது சும்மா உட்கார்ந்திருந்தது.

சும்மா இருந்ததற்கு வேலை கொடுத்தவன் பாக்யராஜ். கலைவேந்தனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், திருபுவனையில் ஒரு கம்பெனியில் ஷிப்ட்டு பார்க்கிறான். பங்குச் சந்தை ஏறுமா இறங்குமா என்று போனிலேயே பந்தயம் கட்டுவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தான். ஆப்ஷன் என்று பேர். நினைத்த பக்கம் சந்தை போனால் போட்டது இரண்டாகும், மூன்றாகும். போகவில்லையென்றால் கெடு முடிகிற நாளில் போட்டது மொத்தமும் பூஜ்யம். கலைவேந்தன் ரோட்டுக் காசில் நாற்பதாயிரத்தை அதற்கென்று பிரித்தான்.

முதலில் நன்றாகத்தான் வந்தது. இரண்டே வாரத்தில் நாற்பது எழுபத்தொன்றாக நின்றது. அருள்மொழிகூட ஒரு பட்டுப்புடவை கேட்டு வைத்தாள், பொய் சொல்வானேன். அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், லாபமாக வந்த முப்பத்தோராயிரத்தையும் ஒரே பந்தயத்தில் வைத்தான். கெடு அன்றைக்கே. சாயங்காலம் பால் கறக்கப் போகும்போது கேட்டாள், எல்லாம் போச்சு என்றான். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"சந்தைக்காரன் குட்த்தான், அவனே எட்த்துக்கினான். நம்ம நாப்பது அப்டியே இருக்குதில்ல" என்று சொல்லிவிட்டு டீ கேட்டான்.

இதே ஆள்தான் அந்த வாரம் உரக்கடையில் மூட்டைக்கு இருபது ரூபாய் அதிகம் என்று அரைமணி நேரம் மல்லுக்கு நின்றவன். பாகூரிலிருந்து ஆட்டோவுக்கு நாற்பது ரூபாயா என்று வெயிலில் நடந்து வந்தவன். முப்பத்தோராயிரம் கரும்புக் காசாக இருந்திருந்தால் மூன்று நாள் சோறு இறங்கியிருக்காது. லாபம் என்று பேர் வைத்ததால் வலிக்கவில்லை. அது எழுபத்தொன்றாக இருந்தபோது எடுத்திருந்தால் வேறு எந்த ரூபாய்க்கும் குறையாத ரூபாய்தான் அது, உரம் கேட்டால் உரம் கொடுத்திருக்கும். அருள்மொழிக்கு எங்கேயோ உறுத்தியது, ஆனால் எங்கே என்று அன்றைக்குப் பிடிபடவில்லை.

அடுத்த வாரம் போர்வெல் கையை விரித்தது. பழைய போர், தண்ணீர் கீழே போய்விட்டது, மோட்டாரும் சூடேறிப் புகைந்து போயிற்று. இரண்டு ஏக்கர் கரும்பு, நெஞ்சளவு வளர்ந்து நிற்கிறது, தண்ணீர் இல்லாமல் தோகை காய ஆரம்பித்துவிட்டது. புது போர், பைப்பு, மோட்டார் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து இருபதாயிரம் ஆகும் என்றான் போர் போடுகிறவன். அதையும் சீக்கிரம் போட்டால்தான் கரும்பு பிழைக்கும். கரும்பு போனால் அந்த வருஷமே போச்சு.

கலைவேந்தன் பதறவில்லை. ஞாயிற்றுக்கிழமை சீட்டு இருக்கிறது, எடுத்துவிடலாம் என்றான். அருள்மொழியும் சரி என்று தலையாட்டினாள். கொல்லைச் செலவென்றால் சீட்டுக் காசு, அதுதானே அந்த வீட்டு வழக்கம்.

சீட்டு நடத்துவது அமுதம். இருபது பேர், ஆளுக்கு மாசம் ஏழாயிரத்து ஐந்நூறு, மொத்தம் ஒன்றரை லட்சம். யாருக்கு அவசரமோ அவர்கள், இவ்வளவைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடு என்று ஏலத்தில் தள்ளிக் கேட்பார்கள். யார் அதிகம் தள்ளுகிறார்களோ அவர்களுக்குத்தான் அந்த மாசச் சீட்டு. தள்ளிய தொகையில் அமுதத்தின் கமிஷன் ஏழாயிரத்து ஐந்நூறு போக, மிச்சத்தை இருபது பேருக்கும் பிரித்து அந்த மாசக் கட்டணத்தில் கழித்துவிடுவாள். அவசரம் இல்லாதவர்களுக்குக் கொண்டாட்டம்.

அது ஐந்தாம் மாசம்தான். ஆரம்பத்தில் எப்போதுமே தள்ளு எகிறும். அன்றைக்குக் கண்ணையனுக்கும் அவசரம், மகளின் நர்சிங் காலேஜுக்குக் கட்ட வேண்டும். பதினைந்தாயிரத்தில் தொடங்கி இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஏற்றினார்கள். இருபது. இருபத்திரண்டு. இருபத்தைந்து. மற்றவர்கள் சிரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஏறுகிற ஒவ்வொரு ஐந்நூறும் அவர்கள் பைக்குத்தானே வருகிறது.

கண்ணையன் இருபத்தொன்பதாயிரத்து ஐந்நூறு என்றான். கலைவேந்தன் முப்பது என்றான், கண்ணிமைக்காமல்.

கண்ணையன் அதற்கு மேல் ஏற்றவில்லை. அமுதம் ஒரு தரம் என்றாள்.

முப்பதாயிரத்தைத் தள்ளினால் கையில் வருவது சரியாக ஒரு லட்சத்து இருபதாயிரம். அருள்மொழி மனசுக்குள் அந்தத் தொகையைச் சொல்லிப் பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. அதே ஒரு லட்சத்து இருபதாயிரம் வங்கியில் இருக்கிறது. நாற்பது போனில் இருக்கிறது. தன் காசைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, அதே அளவு காசை வாங்குவதற்கு முப்பதாயிரத்தைத் தூக்கிக் கொடுக்கிறோம். எதற்காக? நாளை மறுநாள் செவ்வாய்க்கிழமை, அடுத்த கெடு நாள், ரோட்டுக் காசு பந்தயத்துக்கு வேண்டுமே, அதற்காக.

இரண்டு தரம் என்று அமுதம் வாயெடுப்பதற்குள் அருள்மொழி எழுந்துவிட்டாள். கொஞ்சம் இரு அக்கா என்று கையைக் காட்டினாள். எல்லோரும் திரும்பினார்கள். புருஷனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச நேரம் இல்லை, அவளுக்கு அந்தப் பொறுமையும் இல்லை.

"இன்னாங்க, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கரும்பு வித்த காசு நாப்பதாயிரத்தை இப்பக் கையில குட்த்தா, அந்தப் போன்ல போடுவீங்களா?"

"பைத்தியமா எனக்கு? கரும்புக் காசை எவனாவது அதுல போடுவானா?"

"அப்ப ரோட்டுக் காசைப் போட்டா மட்டும் பைத்தியம் இல்லியா? பேங்க்ல கேட்டுப் பாருங்க, எந்த நோட்டு ரோட்டுல வந்துச்சி, எந்த நோட்டு கரும்புல வந்துச்சின்னு அவனுக்குத் தெரியுமா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கலைவேந்தனுக்கு முகம் சிவந்துபோனது. இருபது பேர் முன்னால் பெண்டாட்டி கேட்டால் எந்த ஆம்பளைக்குத்தான் சுருக்கென்று இருக்காது? அவனும் திருப்பிக் கொடுத்தான், சும்மா விடவில்லை.

"அப்ப உன் பால் காசு? இருபத்தாறாயிரம் போஸ்ட் ஆபீஸ்ல தூங்குது. உரக்கடைக்காரன் இருபத்தஞ்சாயிரம் பாக்கிக்கு ரெண்டு வட்டி வாங்குறான். மாசாமாசம் ஐந்நூறு நாம அழறோம். கேட்டா, அது பாப்பா கொலுசுக்கும்ப. அது இன்னா நியாயம்?"

அருள்மொழி மனசுக்குள் கணக்குப் போட்டாள். அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, அதுதான் எரிந்தது. ஒரு வருஷமாக ஐந்நூறு ஐந்நூறாக ஆறாயிரம் போயிருக்கிறது. போஸ்ட் ஆபீஸ் வட்டி அதில் கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே கொடுத்திருக்கும், அவ்வளவுதான். அந்தக் காசை எடுப்பதென்றாலே தன் கையை வெட்டிக்கொள்கிற மாதிரி இருந்தது அவளுக்கு, மாட்டை எழுப்பிச் சாணி அள்ளிச் சம்பாதித்த காசு. ஆனால் கேட்கிற வாய்க்கு ஒரு நியாயம், கேட்டுக்கொள்கிற காதுக்கு ஒரு நியாயம் என்று அவள் வளரவில்லை.

"சரி. நாளைக்கே எட்த்து உரக்கடையில கட்டிடறேன். எல்லாம் ஒரே காசு. எதுக்கு ரொம்ப அவசரமோ அதுக்குத்தான் மொதல்ல. நீங்க இன்னா சொல்றீங்க?"

அமுதம் இன்னும் இரண்டாம் தரம் சொல்லவில்லை. மூணாவது தரம் சொல்லிவிட்டால் பேச்சு மாறக்கூடாது, அதற்குள் ஒன்று சொல் கலை என்று கேட்டாள். கலைவேந்தன் பெண்டாட்டியைப் பார்த்தான், போனைப் பார்த்தான், போனைப் பையில் போட்டான். முப்பதாயிரத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

சீட்டு இருபத்தொன்பதாயிரத்து ஐந்நூறுக்குக் கண்ணையனுக்கே நின்றது. அவன் காலேஜில் கட்டப் பணம் கிடைத்த சந்தோஷத்தில் எல்லோருக்கும் டீ சொன்னான். பங்கு ஆளுக்கு ஆயிரத்து நூறு கழிய, இந்த மாசம் ஆறாயிரத்து நானூறு கட்டினால் போதும் என்றாள் அமுதம். சும்மா வந்த ஆயிரம்தானே, ராத்திரிக்குப் பிரியாணி வாங்குடா என்று யாரோ கலைவேந்தனைச் சீண்டினார்கள். அவன் சிரித்தான், வாங்கவில்லை.

திங்கட்கிழமை இரண்டு வேலை நடந்தது. அருள்மொழி போஸ்ட் ஆபீஸில் எடுத்துக்கொண்டுபோய் உரக்கடைப் பாக்கியை அடைத்தாள். வெளியே வந்தபோது கண் கொஞ்சம் கலங்கியது, துடைத்துக்கொண்டாள். அவன் போனில் இருந்த நாற்பதாயிரத்தை வங்கிக்குத் திருப்பிவிட்டான். போர் போடுகிற வண்டி அந்த வாரமே வந்தது.

வேடிக்கையைக் கேளுங்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் முப்பத்தோராயிரத்தைத் தொலைத்துவிட்டு டீ கேட்ட மனுஷன், போர்க்காரனிடம் பைப்புக்கு அடிக்கு எவ்வளவு என்று ஒன்றரை மணி நேரம் பேரம் பேசினான். மூவாயிரம் குறைத்துக்கொண்டுதான் விட்டான். அட்வான்சு எண்ணிக் கொடுக்கும்போது ஒவ்வொரு நோட்டையும் விரலால் இரண்டு தரம் தேய்த்துப் பார்த்தான். அருள்மொழி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பணம் இப்போது அவனுக்கு வலிக்கிறது என்று தெரிந்ததும் அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

தண்ணீர் வந்தது. முதலில் சேறாக, அப்புறம் தெளிவாக. இரண்டு பேரும் வாய்க்காலில் காலை விட்டுக்கொண்டு நின்றபோது பாக்யராஜிடமிருந்து போன். சந்தை இன்றைக்குப் பிய்த்துக்கொண்டு போகப் போகிறது, மிச்சம் இருக்கிற ரோட்டுக் காசில் ஒரு பத்தாயிரம் மட்டும் போட்டுப் பார், போனால் ரோட்டுக் காசுதானே என்றான். மோட்டார் சத்தத்துக்கு நடுவில் ஸ்பீக்கரில் கேட்டதால் அருள்மொழிக்கும் எல்லாம் காதில் விழுந்தது. இந்த ஆள் என்ன சொல்கிறான் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

கலைவேந்தன் கொல்லையைப் பார்த்தான். தண்ணீர் மூன்றாவது பாத்திக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

"எங்கிட்ட ரோட்டுக் காசு இல்ல மாப்ள. வெறும் காசுதான் இருக்குது."