மாதாவின் சங்கிலியில் வெளிறின இடம்

மாதாவின் சங்கிலியில் நாலு கண்ணியைப் பெர்னடெட் கழற்றி, மட்டமான தங்கத்தில் மாற்றிப்போட்டாள் என்ற கதை, காலைப் பூசை முடிந்து சனம் வெளியே வர முன்னமே கோயில் வளவெல்லாம் சுற்றிவிட்டது. கதையைத் தொடக்கிவிட்டது செபஸ்தியம்மா. சங்கிலி அவளுடைய நேர்ச்சை. புருசன் புயலில் அகப்பட்டு ஆறு நாள் கழித்து உயிரோடு கரைக்கு வந்தபோது, தன் கழுத்திலிருந்த இருபத்திரண்டு கரட் சங்கிலியைக் கழற்றி மாதாவுக்குப் போட்டவள்.

நாளைக்குத் திருநாள்; பின்னேரம் மாதாவின் சொரூபம் ஊர் சுற்ற வெளியே வரும். நகைப்பெட்டிப் பூட்டின் திறப்பு ஒன்பது வருசமாகப் பெர்னடெட்டிடம் இருக்கிறது. இப்போது அவள் நகைப்பெட்டி மேசைக்கு முன்னால் நின்றாள். செபஸ்தியம்மா சங்கிலியை யன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"இங்கை பார். மற்றதெல்லாம் செம்மஞ்சளாக் கிடக்கு. உதிலை மட்டும் எலுமிச்சங்காய்த் தோல் மாதிரி வெளிறிப்போய்க் கிடக்கு. இது ஆற்றை தங்கம்?"

"மாமி, அறுந்து போச்சு எண்டு ரவுணிலை ஒரு கடையிலை குடுத்து ஒட்டினது. போன கிழமைதான். அவ்வளவுதான்."

"ஒட்டினால் நிறம் மாறுமோ? நான் கிழவி, குருடி இல்லை."

அந்தக் கடையில் "அரை மணித்தியாலம், புதுசு மாதிரி வரும்" என்றார்கள். நிறம் பொருந்துமா, ஒட்டு நிற்குமா என்று பெர்னடெட்டும் கேட்கவில்லை, அவர்களும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் அவளுக்கு அன்றைக்கு வசதியாக இருந்தது.

"வா, கொக்குவிலுக்குப் போவம்," என்றாள் செபஸ்தியம்மா. "என்ரை மருமோளின்ரை பதக்கம் செய்த சுரேஸ் பத்தர் இருக்கிறார். அவர் சொல்லட்டும். அவர் தங்கம் எண்டால் நான் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேக்கிறன். இல்லையெண்டால் திறப்பை இண்டைக்கே வை."

இரண்டு பேரும் ஓட்டோவில் ஏறினார்கள். சங்கிலி செபஸ்தியம்மாவின் மடியில் கைலேஞ்சித் துணிக்குள் முடிந்து கிடந்தது.

சுரேசின் பட்டறை புகையிரதப் பாதைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. நாற்பது வயதிருக்கும், சேட்டுக்குக் கையில்லை, முகத்தில் சிரிப்பும் இல்லை. ரவுண் கடையில் ஒட்டின கதையைக் கேட்டுக்கொண்டே, முதலில் சங்கிலியை அவர்கள் கண்ணுக்கு முன்னால் நிறுத்து, எடையை ஒரு காகிதத் துண்டில் எழுதி நீட்டினான். பிறகு கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு கண்ணியாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். உரைகல்லில் கொக்கிப் பக்கத்தையும், வெளிறின கண்ணிகளில் ஒட்டுப் படாத பக்கத்தையும் இழுத்து, இரண்டு கோட்டிலும் அமிலம் தொட்டான். இரண்டு கோடும் ஒரே மாதிரி நின்றன.

"தங்கம் ஒண்டுதான், அம்மா. ஒருத்தரும் மாத்தேல்லை."

பெர்னடெட்டுக்கு மூச்சு வந்தது.

"அப்ப நிறம்?" என்றாள் செபஸ்தியம்மா விடாமல்.

"அது பொடி. ஒட்டுறதுக்கு வைக்கிறது. கண்ணி உருக முன்னம் பொடி உருகவேணும், அதுக்காக வெள்ளியும் செம்பும் கலந்து தரத்தைக் குறைப்பினம். தரம் குறைஞ்சால் நிறமும் மாறும். உங்கடை சங்கிலி பழைய செம்புக் கலப்பு, சிவந்த தங்கம். அந்தக் கடைக்காரங்கள் வெள்ளி கூடின பொடியை அள்ளிப் போட்டிருக்கிறாங்கள். கண்ணியின்ரை ரெண்டு நுனியையும் இறுக்கமா முட்டவைச்சு மெல்லிசா விட்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. இங்கை இடைவெளியைப் பொடியாலை நிரப்பி மெழுகியிருக்கு. அப்பிடி ஒட்டு நிக்காது."

கிடுக்கியால் அந்தக் கண்ணியை மெல்ல வளைத்தான். 'டக்' என்று ஒரு சத்தம். கண்ணியில் மயிர் மாதிரி ஒரு வெடிப்பு.

"யேசுவே!" என்றாள் செபஸ்தியம்மா.

சுரேஸ் வெடிப்பைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். "ஒட்டு விட்டது எண்டால் எனக்கு விளங்கும். இது ஒட்டிலை இல்லை, தங்கத்திலையே வெடிச்சிருக்கு. சாம்பல் நிறத்திலை குழி குழியாவும் கிடக்கு." நிமிர்ந்து பெர்னடெட்டைப் பார்த்தான். "அக்கா, அந்தக் கடைக்கு முன்னம் வேறை ஆரும் கைவைச்சவையோ?"

"இல்லை."

வாய் தானாகச் சொன்னது.

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. ஈயம் ஏதும் பட்டிருந்தால் நான் நெருப்புக் காட்டக்கூடாது. சூட்டிலை ஈயம் தங்கத்துக்குள்ளை இறங்கித் திண்டுபோடும். பக்கத்துக் கண்ணிகளுக்கும் பரவும். பிறகு முழுச் சங்கிலியும் முறுக்கு மாதிரி நொருங்கும்."

"ஈயமோ? மாதாவின்ரை சங்கிலிக்கு ஆர் ஈயம் வைப்பினம்?" என்று செபஸ்தியம்மா சிரித்தே விட்டாள். "அவள் இல்லை எண்டுறாள்தானே தம்பி. ஒட்டும், நாளைக்குச் சுத்துக்கு வேணும்."

"அப்ப உங்கடை சொல்லிலைதான் செய்யிறன்." சுரேஸ் வெங்காரத்தைக் கரைத்து ஒட்டில் தடவினான். ஊதுகுழாயை எடுத்து வாயுவைத் திறந்தான். நீலச் சுவாலை சீறிக்கொண்டு எழும்பியது.

பெர்னடெட்டுக்குப் போன வருசத் திருநாள் கண்ணுக்கு முன்னால் வந்தது. சொரூபத்தைத் தூக்க ஆட்கள் தோள் கொடுத்து நின்ற நேரம். சங்கிலியைப் போடும்போது கொழுவி இழுத்ததில் கண்ணி பட்டென்று அறுந்தது. மாதாவை வெறுங்கழுத்தோடு வெளியே விட அவளுக்கு மனம் வரவில்லை. அவளுடைய புருசன் கனிசியஸ் மோட்டர், றேடியோ திருத்துகிறவன். கம்பி ஒட்டுகிற தன் சூட்டுக்கோலையும் ஈயத்தையும் கொண்டு ஓடிவந்து, நாலு நிமிசத்தில் ஒட்டிக் கொடுத்தான். ஊர் முழுக்கச் சங்கிலி மின்னிக்கொண்டு போனது. ஒருத்தருக்கும் தெரியாது. போன கிழமை அதே இடம் திரும்ப விட்டுப்போனபோது, ரவுண் கடைக்கும் அவள் ஈயத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

சுவாலை சங்கிலிக்கு ஒரு சாண் தூரத்துக்கு வந்துவிட்டது.

சொன்னால் திறப்புப் போகும். சொல்லாவிட்டால் சங்கிலி போகும்.

"நிப்பாட்டுங்கோ!" அவள் சுரேசின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "ஈயம் பட்டது. றேடியோ ஒட்டுற ஈயம். போன வருசம் அறுந்தபோது என்ரை மனிசன்தான் ஒட்டினது. நான்தான் ஒட்டச் சொன்னனான்."

சுரேஸ் வாயுவை மூடினான்.

செபஸ்தியம்மா கதிரையில் மெல்லப் பின்னுக்குச் சாய்ந்தாள். "எடி. மாதாவின்ரை கழுத்துக்கு ஈயமோடி வைச்சனி?"

"அந்த நேரம் வேறை வழி தெரியேல்லை, மாமி."

"ஒரு வருசம்! ஒரு வருசமா என்னோடை பக்கத்து வாங்கிலை இருந்து செபமாலை சொன்னனி!"

"கடைக்காரனும் கேக்கேல்லை, நீங்களும் சொல்லேல்லை," என்றான் சுரேஸ், இரண்டு பேரையும் பார்க்காமல். "அவன் ஈயத்துக்கு மேலை நெருப்பை வைச்சிட்டான். பேந்து குழியை மறைக்கப் பொடியைக் கூட வைச்சிருக்கிறான். திருத்த ஆள் பிடிக்கேக்குள்ளை, நகையின்ரை வருத்தத்தைக் கேக்கிறவனிட்டைக் குடுங்கோ. எல்லாம் சரிவரும் எண்டுறவனிட்டை இல்லை."

"இப்ப என்ன செய்யிறது?" என்று கேட்டாள் பெர்னடெட்.

"ஈயம் இறங்கின கண்ணியைக் காப்பாத்த ஏலாது. வெட்டி எடுத்திட்டு, நல்ல கண்ணியிலை இருந்து திரும்பத் தொடுக்கவேணும். இந்த நிறத்துக்குக் கிட்டப் பொடி நானே கலக்கிறன். எண்டாலும் கண்ணாடி போட்டுப் பாத்தால் ஒரு கோடு தெரியும். தெரியாது எண்டு நான் சொல்லமாட்டன்."

மூன்று கண்ணி போனது. சுரேஸ் வெட்டினதை ஒரு காகிதத்தில் மடித்து, எடையைத் திரும்பவும் எழுதி, செபஸ்தியம்மாவின் கையில் கொடுத்தான். புது ஒட்டு ஆறினதும் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துக் காட்டினான். நின்றது. செபஸ்தியம்மா தன் கையாலும் ஒருதரம் இழுத்துப் பார்த்தாள்.

திரும்பி வரும்போது செபஸ்தியம்மா ஓட்டோவுக்குள் போனை எடுத்து, காலையில் தான் முதலில் கதையைச் சொல்லிவைத்த உதயகலாவைக் கூப்பிட்டாள்.

"பிள்ளை, தங்கம் மாறேல்லையடி. ஓம், முழுக்கத் தங்கம்தான். நான் பிழையாச் சொல்லிப்போட்டன். ஓமோம், எல்லாருக்கும் சொல்லு, பெர்னடெட் கள்ளி இல்லை."

பெர்னடெட் வெளியே பார்த்தாள். கண் கலங்கியது.

"ஆனால் ஈயம் வைச்சது அவள்தான். அதையும் சொல்லு. என்னது? திறப்போ?"

செபஸ்தியம்மா போனைக் காதில் வைத்தபடியே அவளைத் திரும்பிப் பார்த்தாள். பெர்னடெட் இடுப்பில் செருகியிருந்த திறப்பை எடுத்து நீட்டினாள். கிழவி அதை வாங்கி, கைலேஞ்சியில் முடிந்துகொண்டு, போனில் சொன்னாள்:

"இப்ப என்னட்டை. இனி நானும் அவளும் சேர்ந்துதான் பெட்டியைத் திறக்கிறது."