நெடுந்தீவுக் குதிரையின் நான்கு குழிகள்

வாமதேவனை அந்தத் தொழிற்சாலையில் சேர்த்துவிட்டவன் நான். அவன் நயினாதீவுக் குருக்கள் குடும்பம், நான் நெடுந்தீவு. ஊரில், தீவுகளுக்குப் படகேறும் குறிகட்டுவான் துறையில் கண்ட முகப்பழக்கம், ரொறன்ரோவில் ஒரே நிலக்கீழ் அறையில் சீவியம் என்று வளர்ந்திருந்தது. நான் அவனை ஐயர் என்று கூப்பிடுவேன். அவன் என்னைத் தியாகு என்பான்.

அங்கே தண்ணீர்த் தாங்கி, குப்பைத் தொட்டி முதலியவை வார்ப்பார்கள். அச்சுக்குள் பிளாஸ்ரிக் தூளைப் போட்டுச் சூளைக்குள் சுழற்றினால், தூள் உருகி அச்சின் உட்புறத்தில் படிந்து உருவமாகும். நான் முதலில் சூளையடியில் நின்றவன். யாழ்ப்பாணத்தில் படவரைஞனாக இருந்ததை அறிந்த முதலாளி, பரீட்சார்த்தமாக மேல்மாடி வரைபட அறைக்கு ஏற்றினார். அடுத்து வரும் வேலை நன்றாக அமைந்தால் அந்தக் கதிரை எனக்கு நிரந்தரம். இல்லாவிட்டால் திரும்பவும் சூளை. என் நெஞ்சு ஏற்கனவே அந்தப் புகையில் இளைக்கத் தொடங்கியிருந்தது.

அடுத்து வந்தது குதிரை. 1995 தொடக்கத்தில் விளையாட்டுச் சாமான் கடைக்காரர் ஒருவர், பிள்ளைகள் ஏறி ஆடும் குதிரை கேட்டார். நான்கு கால்களின் அடியிலும் இரும்புக் குழாய் நுழைய ஒவ்வொரு குழி வேண்டும். குழாய்கள் வில்சுருளில் தொங்கும்.

என் கைக்கு வந்த முறை திண்ம முறை. கொம்பியூட்டரில் உருளை, கோளம், பெட்டி என்று உருவங்களை எடுத்து ஒன்றோடொன்று சேர்ப்பது, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பது, சேரும் விளிம்பை மழுக்குவது. தாங்கி, தொட்டியெல்லாம் அப்படித்தான் செய்தேன். எது எத்தனை விட்டம், எங்கே துளை என்று அந்தப் புரோகிராம் நினைவில் வைத்திருக்கும். எண்ணை மாற்றினால் உருவம் தானாக மாறும்.

குதிரையில் அது என்னைக் கைவிட்டது. வயிற்றுக்கு நீள்கோளம், கழுத்துக்குச் சரிந்த கூம்பு. இரண்டும் தோளும் சந்திக்கும் இடத்தை மழுக்கச் சொன்னால் புரோகிராம் ஏலாது என்று நின்றது. மழுக்க முடிந்த இடங்களிலும் குதிரை தெரியவில்லை. தண்ணீர்த் தாங்கிகளை ஒட்டவைத்த ஒரு சாமான்தான் இருந்தது.

சூளையடியில் நின்ற வாமதேவன் தொலைக்காட்சி விளம்பர உருவங்கள் செய்யும் பின்னேர வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒருநாள் மேலே வந்து என் திரையை எட்டிப் பார்த்தான்.

"இது குதிரையோ, பாலம் போட வந்த யந்திரமோ? உருண்டையை உருண்டையோட ஒட்டி உயிருள்ள உடம்பு வராது, தியாகு. பெட்டியொண்டிலையிருந்து இழுத்து எடுக்கோணும்."

இழுத்துக் காட்டினான். அவனுடையது வலை முறை. பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்து வெளியே இழுத்தான், கழுத்தாயிற்று. குறுக்கே ஒரு வரிசை கோடு போட்டு, அதன் புள்ளிகளை உள்ளே தள்ளினான், தோள் இறங்கியது. அரைவாசி உடம்பைச் செய்து, கண்ணாடியில் காட்டியதுபோல் மற்றப் பாதியை எடுத்து, நடுவரியில் புள்ளிகளை ஒட்டினான். விட்டம், ஆரம் என்று ஒன்றும் கிடையாது. கண்ணுக்குச் சரியென்று படும்வரை புள்ளிகளை நகர்த்துவதுதான் வேலை.

ஆனால் அவனுக்குக் குதிரை தெரியாது. நயினாதீவில் ஏது குதிரை? காட்டுக்குதிரைகள் மேய்வது எங்கள் நெடுந்தீவில்தான். நான்தான் பக்கத்தில் இருந்து சொன்னேன். எங்கள் ஊர்க் குதிரை கட்டை. பந்தயக் குதிரை மாதிரி வயிறு ஒட்டியிராது, நடுவில் சற்றுத் தொங்கும். கோடையில் இடுப்பெலும்புக்கு முன்னால் ஒரு பள்ளம் விழும். கல்வேலிக்கு மேலால் தலையை நீட்டும்போது கழுத்து நடுவில் வளையாது, தோளிலிருந்தே இறங்கும். நான் சொல்லச் சொல்ல அவன் புள்ளியை நகர்த்தினான். ஒரு பின்னேரம் திரையில் அது திரும்பியபோது, எங்கள் வளவுக்குப் பின்னால் மேய வந்த பெட்டைக் குதிரையே நின்றது. அவன் என் தோளில் தட்டினான்.

பேச்சு இதுதான்: தோல் அவனுடையது, குழிகள் என்னுடையவை. குழிகளை நான் திண்ம முறையில் செய்து, அவனுடைய வலைக்கு ஏற்றபடி சிறு முக்கோணங்களாக மாற்றி, அவனுடைய கால்களில் பொருத்தக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை இருவரும் சேர்ந்து முதலாளிக்குக் காட்டுவதாக இருந்தது.

வியாழக்கிழமை நான் பல் வைத்தியரிடம் போயிருந்தேன். மறுநாள் வேலைக்கு வந்தபோது என் கதிரையில் வாமதேவன் இருந்தான். முதலாளி என்னைக் கூப்பிட்டு, தோல்வியில் வெட்கமில்லை, தாங்கிகளில் நீ கெட்டிக்காரன்தான் என்று ஆறுதல் சொல்லி, திங்கள் முதல் சூளையடிக்குப் போகச் சொன்னார். முதல்நாளே வாமதேவன் காட்டிவிட்ட அந்தக் குதிரை முழுவதும், குழிகள் உட்பட, அவன் தனியாகச் செய்ததென்று அவர் நம்பியிருந்தார்.

அன்று அறையில் அவனைக் கேட்டேன்.

"அவர் தானாத்தான் அப்பிடி விளங்கிக்கொண்டவர். நான் மறுக்கேல்லை, அவ்வளவுதான்," என்றான். பிறகு பருப்பைச் சூடாக்கப் போனான். எனக்கும் ஒரு கோப்பையில் வைத்தான்.

சில வாரம் கழித்து, சூளை இரைச்சலுக்கு நடுவே அவன் என்னிடம் வந்தான். கடைக்காரர் தடித்த குழாய்க்கு மாறியிருந்தார். குழிகள் பெரிதாக வேண்டும், சற்று உள்ளே சரியவும் வேண்டும். அவனிடம் இருந்தது வலை. வலைக்குள் போன பிறகு வட்டம் வட்டமில்லை. பல மூலைகள் சேர்ந்த ஒரு சட்டம். அதற்கு மாற்ற ஓர் எண் இல்லை. அவன் புள்ளிகளைக் கையால் இழுத்திருக்கிறான். முதலாளி மாதிரிக் குழாயை வைத்துப் பார்த்தால் ஒரு குழியில் இறுக்கம், மற்றதில் ஆட்டம்.

"உம்மட பழைய டிஸ்க்கெட்டைத் தாரும். அதிலை எண்ணை மாத்தினால் சரி."

"நானும் மேலை வாறன்."

"வேலை நேரத்திலை எதுக்கு? நான் உம்மட பேரைச் சொல்லுவன்."

"வியாழக்கிழமையும் சொல்லியிருக்கலாம், ஐயர்."

தூள் படிந்த உடுப்போடே ஏறினேன். முதலாளியின் முன்னால் டிஸ்க்கெட்டைப் போட்டு, விட்டத்தை மாற்றினேன், சரிவை மாற்றினேன். நான்கு குழிகளும் ஒரே அளவில் திரும்ப எழுந்தன. வட்டம் மூலை தட்டாமல் இருக்க, முக்கோணங்களை முந்தியதைவிடச் சிறிதாக வைத்து வாமதேவனிடம் கொடுத்தேன். அவற்றைத் தோலோடு தைப்பது அவனால்தான் முடியும். அதையும் மறைக்காமல் சொன்னேன். இந்த உடம்பை என் முறையில் ஒரு வருடம் இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன் என்றேன்.

முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சரி, இன்னொரு கதிரை போடலாம் என்றார். பிறகு பேச்சுவாக்கில் ஒன்று கேட்டார்: வாமதேவன் தன் தீவில் இந்தக் குதிரைகளின் நடுவே வளர்ந்த கதையைச் சொல்லியிருக்கிறான், வீட்டுக்குப் பின்னால் ஒரு பெட்டைக் குதிரை வேலிக்கு மேலால் தலை நீட்டுமாமே, நீயும் அந்த ஊரா?

வேலையைத் தட்டிப் பறித்ததை நான் எப்படியோ விழுங்கியிருந்தேன். இதை விழுங்க ஏலவில்லை. வாமதேவன் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்த வேலி, ஐயர்?" என்று தமிழில் கேட்டேன்.

அவன் டிஸ்க்கெட்டை எடுத்து உறைக்குள் போட்டான்.

அது என்னுடைய ஊர்க் குதிரை என்று முதலாளிக்குச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, அச்சு எப்போது தயாராகும் என்று கேட்டார். இரண்டு தீவுக்கும் இடையில் கிடக்கும் கடல் அவருக்கு ஒன்றுமில்லை.

கதிரை எனக்குக் கிடைத்தது. நிரந்தரக் கடிதமும் வந்தது. பக்கத்துக் கதிரையில் அவன் தைக்க, நான் அளவு சொல்ல, வேலைக்கு வேண்டிய சொற்களை மட்டும் பேசினோம். மாத முடிவில் நான் வேறு அறை பார்த்துக்கொண்டேன்.

முதல் குதிரை அச்சிலிருந்து வந்த அன்று குழாய்கள் நான்கும் சுகமாக இறங்கின. எல்லோரும் கைதட்டினார்கள். நான் குனிந்து வயிற்றைத் தடவிப் பார்த்தேன். நடுவில் சற்றுத் தொங்கியது. இடுப்பெலும்புக்கு முன்னால் பள்ளமும் இருந்தது. நான் சொன்ன ஒன்றையும் அவன் விடவில்லை.