ரிப்போர்ட் முகவரியிலிருந்து ஒரு சூரியகாந்தி

எங்கள் பரிசோதனைக்கூடத்தின் முதலாளிக்கு ஊழியர்கள் வைத்த பெயர் பொன்மொழி. தினமும் காலை ஏழு மணிக்கு அவர் நாற்பதாயிரம் பேருக்கு ஒரு சிந்தனை அனுப்புவார். கூடவே ஒரு படம்: சூரியகாந்தி, மலையுச்சி, ஏதாவது ஒரு குழந்தையின் பாதம். நாற்பதாயிரம் பேரும் ஒரு காலத்தில் எங்களிடம் ரத்தமோ சிறுநீரோ கொடுத்தவர்கள். அந்தப் பாவத்துக்கு இந்தத் தண்டனை.

மெயில் வேலை என்னுடையது. ரிப்போர்ட்டை பி.டி.எஃப். ஆக்கி, நோயாளிக்கு ஒன்று, டாக்டருக்கு ஒன்று என அனுப்புவேன். சிந்தனையை முதலில் தனி முகவரியிலிருந்துதான் அனுப்பினோம். நூற்றில் ஒன்பது பேர் திறந்தார்கள். பொன்மொழி கணக்கைப் பார்த்துவிட்டு, "ரிப்போர்ட் மெயிலை எத்தனை பேர் திறக்கறாங்க?" என்றார்.

"கிட்டத்தட்ட எல்லாருமே, சார்."

"அப்ப சிந்தனையையும் அந்த முகவரியிலேர்ந்தே விடு."

கட்டி நல்லதா கெட்டதா என்று தெரியாமல் மெயிலைத் திறக்கிறவனுக்கு, உள்ளே சூரியகாந்தி. இதைவிட அருவருப்பான யோசனை எதையும் இந்தக் கட்டிடத்தில் நான் கண்டதில்லை. மலம் பரிசோதிக்கும் அறையும் இதே கட்டிடத்தில்தான் இருக்கிறது.

அப்போதும் மெயிலின் அடியில் 'அன்சப்ஸ்கிரைப்' என்று ஒரு சின்ன லிங்க் இருந்தது. அதை அழுத்தினால் தகவல் எங்களுக்கு வரும்; சிந்தனைப் பட்டியலிலிருந்து அந்தப் பெயர் போய்விடும்; ரிப்போர்ட் மட்டும் வழக்கம்போல வரும். கௌரவமான ஏற்பாடு. ஒரே மாதத்தில் மூவாயிரம் பேர் கௌரவமாக வெளியேறினார்கள்.

பொன்மொழிக்கு முகம் கறுத்தது. "கதவைத் திறந்து வெச்சா காத்துல நாலு பேர் பறக்கத்தான் செய்வான். அந்த லிங்கை எடு."

"எடுத்தா ஸ்பேம்னு அழுத்துவாங்க, சார். அது நமக்கு வராது. மெயில் கம்பெனிக்குப் போகும். இந்த முகவரி தொல்லைன்னு அவன் முடிவு பண்ணிட்டான்னா எல்லாருக்கும் போறது குப்பையில விழும்."

"நல்ல வார்த்தையை ஸ்பேம்னு எவன்யா சொல்லுவான்?"

நான் எடுத்தேன். இரண்டு முறை மறுத்துவிட்டு எடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஒரு முறைதான் மறுத்தேன்.

மறுவாரம் விலகுவோர் எண்ணிக்கை பூஜ்யம். பொன்மொழி எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். நானும் தின்றேன்.

ஏழாவது வாரம், ஒரு புதன்கிழமை பன்னிரண்டே காலுக்கு, ஒரு பெண் கவுண்டரைத் தாண்டி நேராக என் அறைக்கே வந்து நின்றாள். பேருந்து ஓட்டுநரின் சீருடை. அம்மாவுக்கு மார்பில் கட்டி. வெள்ளிக்கிழமை அறுவைக்கு நாள் கொடுத்திருந்தார்கள். பயாப்சி ரிப்போர்ட் இன்று நண்பகலுக்குள் வராவிட்டால் அந்த நாள் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று சர்ஜன் முன்பே சொல்லியிருக்கிறார்.

"ஒரு வாரம் ஆகும்னீங்க. பத்து நாள் ஆச்சு. சாம்பிளைத் தொலைச்சிட்டீங்களா, அதையாவது சொல்லுங்க."

நான் திரையைத் திருப்பிக் காட்டினேன். திங்கள் காலை பதினொன்று இருபதுக்கு அனுப்பியாயிற்று. அவளுக்கு ஒன்று, சர்ஜனுக்கு ஒன்று.

"எனக்கு வரலை."

"ஸ்பேம் ஃபோல்டரைப் பாருங்கம்மா."

அவள் தன் போனில் பார்த்தாள். இருந்தது. திறக்கவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நான் பிளாக் பண்ணேன். நாலு நாள் காலையில வண்டி ஓட்டற நேரத்துல உங்க மெயில் வரும். வண்டியை ஓரங்கட்டிட்டுத் திறப்பேன். 'சிரிப்பே மருந்து'ன்னு இருக்கும். அஞ்சாவது நாள் தாங்கல. வேண்டாம்னு சொல்ல இடம் எங்கயாவது இருக்கான்னு அடிவரைக்கும் தேடினேன். இல்லை."

"அது முன்னாடி இருந்ததும்மா, எடுத்தாச்சு. இந்த மெயில்ல பிளாக் பண்ணா நாங்க அந்த முகவரியிலிருந்து அனுப்பறது எல்லாமே ஸ்பேமுக்குப் போயிடும்மா. சிந்தனை, ரிப்போர்ட்னு அதுக்குப் பிரிக்கத் தெரியாது. எங்களுக்கும் நீங்க பிளாக் பண்ணது தெரியாது."

"ரெண்டும் ஒரே இடத்துலேர்ந்து வருதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? லேப்னுதானே பேர் போட்டிருந்தது." குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "சரி, நான் பண்ணது என் தப்பு. சர்ஜனுக்கு ஏன் போகல? அவரும் பிளாக் பண்ணாரா?"

சர்ஜனின் உதவியாளரை போனில் பிடித்தேன். "நாங்க எதையும் தொடலை, சார்," என்றாள் அவள். தேடிப் பார்த்தாள். ஸ்பேமில்தான் இருந்தது. தொடாமலே. எங்கெங்கோ ஆயிரக்கணக்கானவர்கள் சூரியகாந்தியைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பேம் என்று அழுத்தியிருக்கிறார்கள். அதற்கு மெயில் கம்பெனி இங்கே தீர்ப்பு எழுதியிருக்கிறது. பிளாக் பண்ணினால் பண்ணியவரோடு போகும். இது ஊரோடு போகும்.

"இப்பப் பாத்துட்டீங்கல்ல? வெள்ளிக்கிழமையை மறுபடியும் குடுங்க," என்றேன்.

"இருங்க." அவள் யாரிடமோ பேசுவது கேட்டது. ஓட்டுநர் பெண் என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பன்னெண்டு பத்துக்கே வேற பேஷன்ட்டுக்குச் சொல்லிட்டாங்க, சார். அவங்களும் அட்மிட் ஆகக் கிளம்பிட்டாங்களாம். அடுத்தது பத்தொன்பது நாள் கழிச்சு. நடுவுல யாராவது கேன்சல் பண்ணா சொல்றேன்."

ஓட்டுநர் பெண் ரிப்போர்ட்டை அங்கேயே திறந்து படித்தாள். புற்றுதான். திரையை அணைத்தாள்.

"வேண்டாம்னு சொல்ற இடத்தை யார் எடுத்தது?"

மேலே பொன்மொழியின் அறையில் விளக்கு எரிந்தது. கையைக் காட்டியிருக்கலாம். "நான்தாம்மா. என் கையாலதான்."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். மன்னித்தாள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மேலே போய் விஷயத்தைச் சொன்னேன். பொன்மொழி கண்ணை மூடி வருத்தப்பட்டார். அந்த வருத்தம் அரை நிமிடம் தாங்கியது. பிறகு கண்ணைத் திறந்தார். அதில் ஒரு மினுக்கல். "பொறுமையைப் பத்தி நாளைக்கு ஒண்ணு போடலாம்யா. 'காத்திருப்பும் ஒரு சிகிச்சை.' அப்படியே, நம்ம மெயிலை ஸ்பேம்ல போடாதீங்கன்னு ஒரு வரி."

"அதுவும் ஸ்பேம்லதான் விழும், சார்."

 கீழே இறங்கிவந்தேன். சிந்தனையைப் பழைய தனி முகவரிக்கு மாற்றினேன். அன்சப்ஸ்கிரைப் லிங்கை அடியில் வைக்கவில்லை. தலையில், சூரியகாந்திக்கு மேலே, பெரிய எழுத்தில் வைத்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்குப் போனது. மதியத்துக்குள் பதினோராயிரம் பேர் போய்விட்டார்கள்.

பொன்மொழி கீழே வந்தார். "யாரைக் கேட்டுய்யா செஞ்சே?"

"லிங்கை எடுக்கச் சொன்னப்பவும் நான் பேஷன்ட்டுங்களைக் கேக்கல, சார்."

வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பினால் மெயிலைப் பார்க்க ஆளில்லை, அவ்வளவுதான்.

ரிப்போர்ட் முகவரியின் பெயர் தேற வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகலாம். அதுவரை ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் அனுப்பிய கையோடு நானே போன் செய்கிறேன்: அனுப்பியாச்சு, ஸ்பேமிலும் பாருங்கள், அங்கே இருந்தால் 'ஸ்பேம் இல்லை' என்று அழுத்துங்கள். ஒரு நாளைக்கு எழுபது எண்பது போன். சிலர் நன்றி சொல்கிறார்கள். பலர் திட்டுகிறார்கள்.

நேற்று ஓட்டுநர் பெண்ணின் அம்மாவுக்கு அறுவைக்கு முந்தைய ரத்தப் பரிசோதனை. அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன்.

"வந்துடுச்சு," என்றாள். "பிளாக்கை எடுத்துட்டேன்."

"நல்லதும்மா. இனிமே அதுல ரிப்போர்ட் மட்டும்தான் வரும்."

பின்னால் வண்டியின் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மாதான் இப்ப மெயிலைத் திறக்கறாங்க," என்றாள். "எனக்கு உங்க லேப் பேரைப் பாத்தாலே கை வரமாட்டேங்குது."