செங்கல் கலருக்கு ஒரு நிழல்

அந்தப் பிங்க் படத்தைப் போட்டவள் நான்தான். மழுப்பிப் பழக்கமில்லை எனக்கு, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அடையாறில் ஆன்லைனில் அழகுப் பொருள் விற்கிற கடை. அதற்கு ஏஐயிடம் வார்த்தையால் கேட்டுக் கேட்டுப் படம் செய்வது என் வேலை. மேசையில் பொருளைப் பரப்பி, நேர் மேலே நின்று பார்ப்பதுபோல ஒரு படம் வேண்டும். அதற்கு ஃப்ளாட் லே என்று பெயர். பக்கத்தில் அந்த க்ரீமையோ லிப்ஸ்டிக்கையோ ஒரு இழுப்பு தடவியிருக்கும், அது ஸ்வாட்ச். சைதாப்பேட்டையில் பத்து வருஷம் பார்லர் நடத்தியவள் நான். ஜானகி செய்த படம் என்றால் சரக்கு நகரும் என்று எங்கள் ஆபீசில் பேச்சு. எனக்கும் தலைக்கனம் கொஞ்சம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அந்தத் திங்கட்கிழமை மஹ்விஷ் வந்தாள். சொந்தமாக லிப்ஸ்டிக் கம்பெனி தொடங்கிய பெண். அவளிடம் இருப்பது ஒரே ஷேடு, சுட்ட செங்கல் நிறம், பளபளப்பே இல்லாதது. நம் ஊர் மாநிறத்துக்கு அப்படி எடுக்கும்.

“அக்கா, பத்து பேர் வாங்கினா ஆறு பேர் திருப்பி அனுப்பறாங்க. படத்துல இருக்கற கலர் இது இல்லன்னு எழுதறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா கடையிலிருந்து எடுத்துடுவேன்னு உங்க சார் சொல்லிட்டாரு. எனக்கு இந்த ஒண்ணை விட்டா வேற கிடையாது.”

என் படத்தைத் திறந்து பார்த்தேன். அடக்கடவுளே! இளம் ரோஜாப் பின்னணி, மெல்லிய நிழல், எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல. ஆனால் பின்னணியின் ரோஜா ஸ்வாட்ச்சுக்குள்ளும் ஏறியிருந்தது. நான் ‘க்ரீமி’ என்று எழுதியதால் ஏஐ வெண்ணெய் தடவியதுபோல மினுக்கிவிட்டிருந்தது. செங்கல் எங்கே? பஞ்சு மிட்டாய்தான் இருந்தது. அவ்வளவு வெட்கமாக இருந்தது எனக்கு.

“இது என் தப்புடி. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோ, நான் கீறேன்ல” என்றேன்.

செவ்வாய் முழுக்க வார்த்தையோடு மல்லுக்கட்டினேன். ‘பளபளப்பு வேண்டாம்’ என்றேன், சிமெண்ட் வந்தது. ‘செங்கல் நிறம்’ என்றேன், லிப்ஸ்டிக் பக்கத்தில் நிஜமாகவே ஒரு செங்கல்லை வைத்துவிட்டது! ஸ்வாட்ச்சுக்குக் கீழே சப்பாத்தி கனத்துக்கு நிழல் வேறு. அப்போதுதான் உறைத்தது: இந்த லிப்ஸ்டிக்கை அது தொட்டுப் பார்த்ததில்லை, நான் தொட்டிருக்கிறேன்.

மறுநாள் காலை டியூப்லைட்டை அணைத்துவிட்டு, ஜன்னலோரம் வெள்ளைத்தாளில் லிப்ஸ்டிக்கை வெண்ணெய்க் கத்தியால் ஒரே இழுப்பு இழுத்தேன். முனை உதிர்ந்து, கத்தி போன கோடு தெரிந்தது. லிப்ஸ்டிக் குச்சியையும் பக்கத்தில் வைத்துப் படமெடுத்தேன். தாள் வெள்ளையாகத் தெரியும்படி நிறத்தைச் சரிசெய்தேன். பிறகு ஏஐயிடம், இந்த இரண்டையும் தொடாதே, பின்னணியை மட்டும் மாற்று என்றேன். இளம் பாதாம் நிறம். வெளிச்சம் இடது மேலிருந்து. நிழல் வலது கீழே, ஓரம் மங்கலாக, ஸ்வாட்ச்சுக்கு இருந்தும் இல்லாததுபோல. முதல் முறை நிழல் எதிர்ப்பக்கம் விழுந்தது. இரண்டாம் முறை கேட்காமலே ரோஜா இதழைத் தூவியது. ஏழாவதில் வழிக்கு வந்தது. அப்போதும் ஸ்வாட்ச் ஓரத்தை மழுங்கடித்திருந்தது, விடுவேனா? என் போட்டோவிலிருந்து ஸ்வாட்ச்சை வெட்டி அதே இடத்தில் மேலே ஒட்டினேன்.

முதலாளி ஸ்ரீனிவாசராகவன் பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

“என்னம்மா இது, மண்ணு மாதிரி இருக்கு? கொஞ்சம் பளிச்சுனு பண்ணக்கூடாதோ?”

“மண்ணு கலர்தான் சார் அது. பளிச்சுனு பண்ணித்தான் இந்தப் பொண்ணு பொழப்புல மண்ணைப் போட்டேன். இந்தத் தபா ஒரு புள்ளி மாத்த மாட்டேன்.”

படம் பார்க்க வந்து பக்கத்தில் நின்ற மஹ்விஷ் லிப்ஸ்டிக்கைப் புறங்கையில் ஓர் இழுப்பு இழுத்து, கையைத் திரையோடு ஒட்டி வைத்தாள். அவர் கண்ணாடியைத் தூக்கி, குனிந்து, கையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார்.

“சரி, போடு” என்றார்.

வியாழக்கிழமை ஏற்றினோம். வெள்ளிக்கிழமைக் கெடுவைச் சார் இரண்டு வாரம் தள்ளிவைத்தார். அந்த இரண்டு வாரத்தில் நாற்பத்தொரு பேர் வாங்கினார்கள், ஒரு பெட்டிகூடத் திரும்பி வரவில்லை. தரமணியிலிருந்து ஒருத்தி எழுதியிருந்தாள்: “படத்தில் பார்த்த அதே கலர். என் கலருக்கும் எடுக்குது.” மஹ்விஷ் அதைப் படித்துக் காட்டும்போதே அழுதுவிட்டாள். நான் அழவில்லை, நெஞ்சு நிமிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

சார் அறை வாசலில் வந்து நின்றார். “இனிமே எந்த ஸ்வாட்ச்சும் ஜானகி பார்க்காம மேலே போகக்கூடாது.”

நான் நாற்காலியைத் திருப்பினேன்.

“சார், அந்தக் கோடி டேபிள்காரங்களுக்குக் கேக்கல. இன்னொரு வாட்டி சொல்லுங்க.”

சொன்னார்.