நவம்பர் ஏழு வரை

பொள்ளாச்சியில் தம்பிதுரையின் ஜவுளிக்கடையில் பில் போடுவதோடு கடையின் வாட்ஸ்அப்பையும் இன்ஸ்டாகிராமையும் மோகனப்பிரியாதான் பார்த்துக்கொண்டாள். தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில் அவள் எழுதிக் காட்டிய ஐந்தாவது விளம்பர வாசகத்தையும் முதலாளி திருப்பிக் கொடுத்தார்.

"நல்லாத்தான் இருக்குது அம்மணி. ஆனா வேகம் இல்லீங்களே."

"என்ன வேகமுங்க?"

"படிச்சவன் எந்திரிச்சு ஓடியாரணும்."

ஃபோனை வாங்கி அவரே தட்டினார். 'அதிரடி! அதிரடி! 50% வரை தள்ளுபடி! இன்றே கடைசி! முந்துங்கள்!'

ஐம்பது சதவீதம் இருந்தது போன வருடத்துச் சட்டைகள் தொங்கிய ஒரே ஒரு வரிசைக்கு மட்டும். சேலைக்கு இருபது. சலுகையும் தீபாவளிக்கு முந்தின நாள் வரை உண்டு. இதையெல்லாம் அவள் சொன்னாள்.

"அதுக்குத்தான் 'வரை'ன்னு போட்டிருக்கேனுங்க. கடைசின்னாத்தான் சனம் வரும். போடுங்க."

போட்டாள். மறுநாளும் அதையே அனுப்பச் சொன்னார். மூன்றாம் நாளும். நாலு பேர், இந்த நம்பருக்கு இனிமேல் எதுவும் அனுப்பாதீர்கள் என்று பதில் எழுதினார்கள். ஃபோன் செய்தவர்களெல்லாம் பட்டுக்குப் பாதி விலையா என்று கேட்டார்கள். இல்லைங்க, சட்டைக்கு, அதுவும் ஒரு வரிசைக்கு என்று சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை வறண்டது. எழுதியவர் அவர், வாங்கிக் கட்டிக்கொள்வது நானா என்று எரிச்சலாக வந்தது.

சனிக்கிழமை காலை மாசாணியம்மாள் வந்தார். ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பில் வேலை செய்பவர். வியாழக்கிழமை எடுத்த பேத்தியின் பாவாடை சட்டை சிறியதாகிவிட்டதால் மாற்ற வந்திருந்தார். பெரிய அளவை எடுத்துக் கொடுத்த பிறகும் அவர் நகரவில்லை. ஃபோனை நீட்டினார்.

"ஏனுங்க, இன்னைக்கும் கடைசின்னு வந்திருக்குதுங்களே?"

மோகனப்பிரியா வாங்கிப் பார்த்தாள். காலையில் அவள் அனுப்பியதுதான்.

"வியாழக்கிழமை கடைசின்னு பாத்துப்போட்டுத்தான் வேலைய உட்டுட்டு அவசரமா ஓடியாந்தேன். அளவு கேக்கக்கூட நேரமில்லீங்க. ஞாயித்துக்கிழமைன்னா மருமவளையும் புள்ளையையும் கூட்டியாந்திருப்பேன். இன்னைக்கும் அரை நாள் போச்சு."

கோபமாகக்கூட அவர் சொல்லவில்லை. அதுதான் அவளைச் சுட்டது. கல்லாவில் இருந்த தம்பிதுரை சிரிக்கப் பார்த்தார்.

"அது ஃபோன்ல தானா போறதுங்க."

"தானா போகலீங்க," என்றாள் மோகனப்பிரியா. "நாந்தான் அனுப்புனேன், நீங்க சொல்லி. இனி கடைசின்னு நான் அனுப்பமாட்டேனுங்க. வேணும்னா நீங்களே அனுப்பிக்கங்க."

கடையின் ஃபோனை அவர் முன்னால் வைத்தாள். வேலை போனாலும் போகட்டும் என்று இருந்தது. சேலை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

தம்பிதுரை ஃபோனைத் தொடவில்லை. மாசாணியம்மாளிடம் திரும்பிக் கேட்டார்.

"பின்ன என்னன்னுதானுங்க எழுதறது? ஆள் வரோணுமல்ல?"

"எந்தத் துணிக்கு எத்தனை குறையுது, எந்தத் தேதி வரைக்கும். அதைச் சொன்னாப் போதுமுங்க. எப்ப வர்றதுன்னு நாங்க பாத்துக்கறோம்."

மாசாணியம்மாள் மாற்றிய துணியை எடுத்துக்கொண்டு போனார். மத்தியானம் தம்பிதுரை ஃபோனை அவள் பக்கம் தள்ளினார்.

"எழுதுங்க அம்மணி. அந்தம்மா சொன்னாப்புல."

பத்து நிமிடத்தில் எழுதினாள்.

'தீபாவளிக்குத் துணி எடுக்க வாங்க. காட்டன், பட்டுச் சேலைகளுக்கு 20% தள்ளுபடி. போன வருடத்துச் சட்டைகள் ஒரு வரிசை மட்டும் பாதி விலை. குழந்தைகள் துணிக்குத் தள்ளுபடி இல்லை. அளவு சரியில்லை என்றால் பில்லோடு வந்து மாற்றிக்கொள்ளலாம். நவம்பர் 7 வரை, ஞாயிறும் உண்டு. இன்றே கடைசி என்று முன்பு அனுப்பியது தவறு. பொறுத்துக்கொள்ளுங்கள்.'

கடைசி இரண்டு வரிகளில் அவர் கண் நின்றது.

"இது வேணுமுங்களா?"

"வேணுமுங்க."

அவர் பெருமூச்சு விட்டார். "ஒரே ஒரு 'அதிரடி' மட்டும்..."

"ஐயா."

"செரி, செரி. அனுப்புங்க."

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அலைமோதவில்லை. ஏழாம் தேதி வரைக்கும் இருக்குதல்லங்க என்று சேலையை விரித்துப் பார்த்துவிட்டுச் சும்மா போனவர்கள் உண்டு. ஒவ்வொருவர் படியிறங்கும்போதும் தம்பிதுரை அவளை முறைத்தார். செவ்வாய், புதனில் அவர்களில் பாதிப் பேருக்கு மேல் திரும்பி வந்தார்கள், வீட்டு ஆட்களோடு. மீதிப் பேர் வரவில்லை. பட்டுக்குப் பாதி விலையா என்று கேட்டு அதன் பிறகு ஒரு ஃபோனும் வரவில்லை. மோகனப்பிரியா அந்த வாரம் முதன்முறையாக மத்தியானச் சோற்றைச் சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டாள்.