ஏ என்றால் அம்மா

பெயிண்ட் கம்பெனிக்குப் பெயர் வைக்க உட்கார்ந்தபோது அவர்கள் நான்கு பேர். அண்ணன், அண்ணனுடைய மச்சான், அண்ணனோடு கல்லூரியில் படித்து இப்போது விற்பனையைப் பார்த்துக்கொள்கிற நண்பர், பிறகு தங்கை. பெயிண்ட் எப்படிச் செய்வது என்பது தங்கை ஒருத்திக்குத்தான் தெரியும். மற்ற மூவருக்கும் பெயிண்ட் வாளியைத் திறக்கத் தெரியும், அவ்வளவுதான்.

வாடகைக்கு எடுத்த ஷெட்டில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். டிசைனர் பெண் மடிக்கணினியைத் திருப்பி வைத்து, அவரவர் பெயரின் முதல் ஆங்கில எழுத்தை எழுதினாள். அண்ணனுக்கு வி. விற்பனைக்காரருக்கு ஆர். மச்சானுக்கு என். தங்கைக்கு ஏ.

"வி ஆர் என் ஏ. அப்படியே வெச்சிடலாமே" என்றான் அண்ணன்.

"அதை ஒரு கொத்தனார் கடையில போய்க் கேக்கணும் சார். நாலு எழுத்தையும் தனித்தனியா ஞாபகம் வெச்சுக்குவாரா? வாயில ஒரே சத்தமா வரணும். உங்ககிட்ட மூணு மெய்யெழுத்து இருக்கு, ஒரே ஒரு உயிரெழுத்துதான். அதை எங்கே வைக்கிறோமோ அங்கேதான் பேருக்கு மூச்சு வரும்."

சொல்லிவிட்டு டிசைனர் எழுத்துகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். 'நார்வ்' என்று வந்தது. நார் மாதிரி இருக்கிறது என்று மச்சானே முகம் சுளித்தார். 'ராவ்ன்' என்றால் அசுரன் பெயர் மாதிரி இருக்கிறது என்றார்கள். கடைசியில் 'வர்ன்' வந்தது. டிசைனர் அப்போதே தன் தோழிக்கு போன் போட்டு, "நான் சொல்றதை அப்படியே எழுதி அனுப்பு" என்றாள். தோழி பிழையில்லாமல் எழுதி அனுப்பினாள். வர்ணம் என்கிற நினைப்பும் லேசாக வருகிறது, ஆனால் அகராதியில் இருக்கிற சொல்லும் இல்லை. அதனால் பதிவு செய்வதிலும் சிக்கல் வராது என்றாள்.

"என் எழுத்து கடைசியிலயா?" என்றார் மச்சான்.

"பஸ்ல சீட்டு பிடிக்கிற மாதிரி பேசாதீங்க" என்றான் அண்ணன். அவனுடைய எழுத்து முதலில் இருந்ததால் அவனுக்குப் பெருந்தன்மை தாராளமாக வந்தது.

பெயர் பிடித்துக்கொண்டது. பெயின்டர்கள் "வர்ன் போட்டா ரெண்டாவது கோட்டே வேணாம்" என்றார்கள். அதற்குக் காரணம் வாளிக்குள் இருந்தது. ஆனால் அவர்கள் வாயில் வந்தது பெயர்தான்.

வியாபாரம் பெருகியதும் அண்ணனுக்கு வாளிக்குள் இருப்பது விலை கூடுதலாகத் தெரிந்தது. வெள்ளை நிறமியைக் குறைத்து, சுண்ணாம்புப் பொடியை ஏற்றச் சொன்னான். சுவரோடு பிடித்துக்கொள்ளும் பசையையும் குறைக்கச் சொன்னான். தங்கை அவன் கேட்ட மாதிரியே ஒரு தகட்டில் பூசி, காயவைத்து, அவன் கண் முன்னால் ஈர பிரஷ்ஷால் தேய்த்தாள். பெயிண்ட் பால்போலக் கரைந்து வழிந்தது.

"இதை வெளிச் சுவத்துக்குன்னு விப்பியாண்ணா?"

"மழை வர்றதுக்குள்ள பில்லை எங்கே வெச்சோம்னே வீட்டுக்காரனுக்கு மறந்துடும்" என்று சொல்லிவிட்டு அவன் சிரித்தான். விற்பனைக்காரரும் கூடவே சிரித்தார்.

தரச் சான்றில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள் தங்கை. மூன்று பேரும் ஒன்று சேர்ந்து அவள் பங்கை வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பினார்கள். கம்பெனியின் பெயரும் அதன் மதிப்பும் இனிக் கம்பெனிக்கே என்ற வரியின் கீழும் அவள் கையெழுத்துப் போட்டாள். அந்த இடத்தைவிட்டு வெளியேறினால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

போனவளின் எழுத்து எதற்கு என்று, புதிய வாளிகளில் 'வி.ஆர்.என்.' என்று அச்சடித்தார்கள். அதோடு தலைவலி தொடங்கியது. போனில் ஆர்டர் சொல்கிறவர் 'என்' என்றால் எடுக்கிறவர் காதில் 'எம்' என்று விழுந்தது. 'வி' சில பேருக்குப் 'பி' ஆனது. கடைக்காரர்கள், "இது அந்த வர்ன்தானா, இல்ல டூப்ளிகேட்டா?" என்று வாளியைத் திருப்பி அனுப்பினார்கள். வணிக முத்திரைக்கு விண்ணப்பித்தால், இதே மாதிரி எழுத்துகளோடு ஏற்கெனவே ஒருவர் பதிந்திருக்கிறார் என்று ஆட்சேபணை வந்தது. உயிரெழுத்தைப் பிடுங்கிய பிறகு மிஞ்சியது யாருடைய கதவிலும் தொங்கக்கூடிய மூன்று எழுத்துகள்தான்.

அதனால் ஏ திரும்பி வந்தது. ஆனால் ஏ யார் என்று கேட்டால் சொல்ல ஒரு பதில் வேண்டுமே.

டீலர்கள் கூட்டத்துக்கு வரச்சொல்லி அம்மாதான் தங்கையைக் கூப்பிட்டாள். "உன் அண்ணன் என்னை மேடையில உக்காரவைக்கப் போறானாம்டி. நீ வந்து பாரு" என்றாள். அவளும் போனாள். ஹாலில் குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தது, புதுக் கம்பளத்தின் நாற்றம் மூக்கை அடைத்தது. அண்ணன் மைக்கைப் பிடித்தான்.

"வி நான். ஆர் இவர். என் என்னோட மச்சான். நடுவுல இருக்கிற ஏ யாருன்னு எல்லாரும் கேக்கறீங்க." அவன் குரலை இறக்கினான். "ஏ-ன்னா அம்மா. எங்களை எல்லாம் சேர்த்துப் பிடிச்சிருக்கிற உயிரு."

ஹாலே எழுந்து கைதட்டியது. விற்பனைக்காரர் கைக்குட்டையை எடுத்து, நனையாத கண்ணைத் துடைத்தார். பூங்கொத்தைப் பிடித்துக்கொண்டு அம்மா உண்மையாகவே அழுதாள். அதுதான் தங்கையால் தாங்க முடியாமல் போனது. கழிப்பறைக்கு ஓடி, குழாயைத் திறந்துவிட்டுக் குமட்டினாள்.

மறுநாள் அம்மாவிடம் கேட்டாள். "மத்தவங்களுக்கெல்லாம் பேரோட எழுத்து. உன் பேரு 'எம்'-லதானேம்மா ஆரம்பிக்குது?"

"அவன் சொல்லும்போது ஒண்ணும் தப்பாத் தெரியலை. ஒத்த எழுத்துக்குப் போய் இவ்வளவு கோவப்படறியே. உன் அண்ணன்தானே?"

"எழுத்தை அவன் எடுத்துக்கட்டும்மா. சுண்ணாம்பைக் கரைச்சு விக்கிறதுக்கு உன்னை எடுத்து மூடியா வெச்சிருக்கான், அது தெரியலையா?"

அம்மாவுக்குத் தெரியவில்லை. அல்லது தெரிந்துகொள்ள விருப்பமில்லை.

வக்கீலிடமும் போனாள். அவர் பொறுமையாகத்தான் சொன்னார். "முழுப் பேரா இருந்து, பார்த்ததும் உங்களைத்தான் நினைப்பாங்கன்னா, பேசிப் பார்க்கலாம். ஒரு எழுத்து யாரையும் காட்டாது. அதுக்கும் மேல நீங்க எழுதிக் கொடுத்துட்டீங்க. அதுக்கு அவர் என்ன அர்த்தம் சொன்னாலும் தடுக்க முடியாதும்மா."

பிறகு ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் 'வர்ன்' வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் கட்டிய குடியிருப்பின் சுவரெல்லாம் வெள்ளை வெள்ளையாக வழிந்து, கீழே நிறுத்தியிருந்த கார்களின் மேல் படிந்துவிட்டதாம். அவள் தகட்டில் பூசிக் காயவைத்து, சில நாள் கழித்து அவர் முன்னாலேயே தேய்த்துக் காட்டினாள். நாலு தேய்ப்பிலேயே தகடு தெரிந்தது.

"அம்மா பேருல நடத்தறான், ஏமாத்த மாட்டான்னு நம்பினேன் மேடம். டீலர் கூட்டிட்டுப் போன அந்தக் கூட்டத்துல நானும் எழுந்து நின்னு கைதட்டினேன்" என்றார் ஒப்பந்தக்காரர்.

அவளால் வாயை அடக்க முடியவில்லை.

"அது அம்மா இல்ல சார். அந்த ஏ நான்தான்."

அவர் வாளியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நாற்காலியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். எதையோ மிதித்துவிட்ட முகம். "அப்ப நீங்களும் அவங்க கும்பலா?"

விலகி வந்த கதையை அவள் சொன்னாள். அவர் தலையை ஆட்டினாரே தவிர, முகம் மாறவில்லை. "நீங்க கொடுக்கற ரிப்போர்ட்டை நான் கோர்ட்டுல காட்டினா, அவங்க வக்கீல் என்ன கேப்பான்? துரத்திவிட்ட தங்கச்சி பழி வாங்கறான்னு சொல்ல மாட்டானா?"

சொல்வான்தான். அவளே எழுந்து போய் மேலதிகாரியிடம் விஷயத்தைச் சொல்லி, தான் செய்த சோதனையை ரத்து செய்யச் சொன்னாள். பக்கத்து மேஜைக்காரர் புதுத் தகடு எடுத்து வேலையைத் தொடங்கினார். ஒப்பந்தக்காரர் நாற்காலியை அந்த மேஜையருகே நகர்த்திப் போட்டுக்கொண்டார். அவள் பக்கம் அவர் மறுபடி திரும்பவே இல்லை.